மாதம் 5,000 ரூபா யூனிட் ட்ரஸ்ட்: இரண்டரை நிமிட வீடியோவுக்கு ஒரு ஸ்கிரிப்ட்

எங்கள் பக்கத்தில் முதல் சம்பளம் எடுக்கும் பிள்ளைகள் மியூச்சுவல் ஃபண்ட் என்ற சொல்லைப் பெரும்பாலும் தமிழ்நாட்டு யூடியூப் சேனல்களில்தான் முதலில் கேட்கிறார்கள். எஸ்ஐபி என்ற மாதாந்த முதலீடு, நிஃப்டி என்ற இந்தியப் பங்குச் சுட்டெண், 80சி என்ற இந்திய வரிச்சலுகை என்று அங்கே பேசுவது அங்கத்தையவர்களுக்குச் சரி. இவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் களுவாஞ்சிகுடியில் ஒரு வங்கிக்குப் போய் "எஸ்ஐபி போட வேணும்" என்றால் கவுண்டரில் இருப்பவர் முழிப்பார். இலங்கையில் மியூச்சுவல் ஃபண்டுக்கு யூனிட் ட்ரஸ்ட் என்று பெயர். மாதாமாதம் தானாகப் போகிற ஏற்பாட்டை வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் என்பார்கள். இந்த இரண்டு சொல்லையும் மாற்றிச் சொன்னாலே உங்கள் வீடியோவில் பாதி வேலை முடிந்தது.

நான் கல்லடியில் இருந்து பணம், வரி, வங்கி என்று சின்னச் சின்ன வீடியோக்கள் செய்கிறேன். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து இதே விஷயத்தைச் சொல்ல நினைக்கும் புதியவர்களுக்காக, ஒரு ஸ்கிரிப்டை எப்படிக் கட்டுவது என்று இங்கே எழுதுகிறேன். வீடியோ செய்யாமல் விஷயத்தை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களும் தாராளமாக வாசிக்கலாம். கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதலில் கணக்கு, பிறகுதான் பேச்சு

பலர் "முதலீடு என்றால் என்ன" என்று தொடங்கி எழுதுவார்கள். எழுதி எழுதி ஆறு நிமிடம் ஆகிவிடும், உதாரணத்துக்கு இடமிருக்காது. நான் தலைகீழாகச் செய்வேன். ஒரு சின்னக் கணக்கைத் தாளில் போட்டுவிட்டு, அதைப் புரிந்துகொள்ள என்னென்ன சொல் வேண்டுமோ அதை மட்டும் முன்னால் சேர்ப்பேன்.

கணக்குக்கு வேண்டியது ஒரே ஒரு விளக்கம். பலருடைய பணத்தை ஒரு முகாமை நிறுவனம் ஒன்றாகச் சேர்த்துப் பங்குகளிலோ திறைசேரி உண்டியல்களிலோ நிலையான வைப்புகளிலோ போடுகிறது. நீங்கள் கொடுத்த பணத்துக்கு ஈடாக உங்கள் பெயரில் இத்தனை யூனிட் என்று எழுதுகிறார்கள். உள்ளே இருக்கும் சொத்துகளின் பெறுமதிக்கு ஏற்ப ஒவ்வொரு வேலை நாளும் ஒரு யூனிட்டின் விலை மாறும். சொத்துகள் முகாமை நிறுவனத்தின் கையில் இருப்பதில்லை. ட்ரஸ்டியாக இருக்கும் ஒரு வங்கி அவற்றை வைத்திருக்கும். இத்தனையையும் மேற்பார்வை செய்வது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு.

என் முதல் ஸ்கிரிப்டில் நான் எடுத்த விலைகள் 20, 16, 12.50, 10, 16, 20 ரூபா. மாதம் 5,000 வீதம் ஆறு மாதம், மொத்தம் 30,000 ரூபா. கிடைத்தது 2,025 யூனிட். கடைசி விலை 20 என்பதால் பெறுமதி 40,500 ரூபா. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எனக்கே பார்க்க அழகாக இருந்தது. பதிவு செய்ய முதல் அக்காவின் மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அப்போதுதான் ஒரு பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள்.

"மாமா, அப்போ ஆறு மாசத்துல பத்தாயிரம் லாபமா? நான் என்ர முழுச் சம்பளத்தையும் போடுறன்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விழுந்து, அப்படியே எழும்பிப் பழைய இடத்துக்கே வரும் விலையை எடுத்தால் மாதாந்த முறை எப்போதும் வெல்லும். உதாரணம் சரி, ஆனால் கேட்பவர் மனதில் பதிவது பொய். இணையத்தில் இருக்கும் பாதி வீடியோக்கள் இந்த வளைவைத்தான் காட்டுகின்றன. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலே மாதத்துக்கு வேறு ஒரு கணக்கு எழுதினேன்.

முதல் மாதம் யூனிட் 20 ரூபா. 5,000 ரூபாவுக்கு 250 யூனிட். இரண்டாம் மாதம் விலை 16, கிடைப்பது 312.5 யூனிட். மூன்றாம் மாதம் 12.50, கிடைப்பது 400. நாலாம் மாதம் திரும்பவும் 16, அதே 312.5. கூட்டினால் 1,275 யூனிட், போட்ட பணம் 20,000 ரூபா. ஒரு யூனிட் உங்களுக்குச் சராசரியாக 15 ரூபா 69 சதத்துக்கு வந்திருக்கிறது. நாலாம் மாதம் விலை 16 என்பதால் கையில் இருப்பதன் பெறுமதி 20,400. விலை 20இலிருந்து 16க்கு இறங்கிய பிறகும் உங்களுக்கு 400 ரூபா கூட. முதல் நாளே 20,000 ரூபாவையும் மொத்தமாகப் போட்டவருக்கு 1,000 யூனிட், பெறுமதி 16,000.

இதுதான் மாதாந்த முறையின் முழு விஷயமும். விலை மலிவான மாதத்தில் அதே 5,000 தானாகவே கூட யூனிட் வாங்குகிறது. அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றுமில்லை.

நாலாம் மாதம் விலை எழும்பாமல் 12.50இலேயே நின்றிருந்தால்? அந்த மாதம் 400 யூனிட் கிடைத்து மொத்தம் 1,362.5 ஆகும். பெறுமதி 17,031 ரூபா சொச்சம். கிட்டத்தட்ட 3,000 ரூபா நட்டம். இந்த வரியை ஸ்கிரிப்டில் கட்டாயம் வையுங்கள். இது இல்லாமல் நீங்கள் சொல்வது விளம்பரம். விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் மொத்தமாகப் போட்டவர்தான் முன்னுக்கு நிற்பார் என்பதும் உண்மை. ஆனால் சம்பளக்காரரிடம் மொத்தமாகப் போட ஏது பணம்? அதனால் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

400 ரூபா எங்கே போனது

இந்தப் பகுதியைப் புதியவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். பல யூனிட் ட்ரஸ்ட் நிதியங்களில் ஒரு நாளைக்கு இரண்டு விலை போடுவார்கள்: விற்பனை விலை, கொள்வனவு விலை. பெயர்கள் நிறுவனத்தின் பக்கம் நின்று வைக்கப்பட்டவை. அவர்கள் உங்களுக்கு விற்கும் விலை விற்பனை விலை, அதாவது நீங்கள் வாங்குவது அந்த விலைக்கு. அவர்கள் உங்களிடமிருந்து திருப்பி வாங்குவது கொள்வனவு விலைக்கு. புதிதாக வந்தவர் தலைகீழாக விளங்கிக்கொள்வார். நானும் முதலில் அப்படித்தான் விளங்கினேன்.

நம் உதாரணத்தில் 16 ரூபா என்பது நாலாம் மாதம் நீங்கள் வாங்கிய விலை. திருப்பி எடுக்கும் விலை அதைவிட 2 வீதம் குறைவு என்று வைத்துக்கொள்வோம்: 15 ரூபா 68 சதம். 1,275 யூனிட்டை அந்த விலைக்குப் பெருக்கிப் பாருங்கள். 19,992 ரூபா. லாபம் என்று நினைத்த 400 போய், 8 ரூபா நட்டம்.

ஸ்கிரிப்டில் இந்த 8 ரூபாவைச் சொன்னால் பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஏன் நாலு மாதத்துக்கு இது சரிவராது, ஏன் வருடக்கணக்காக வைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் பிரசங்கம் செய்யத் தேவையே வராது. இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசம் எல்லா நிதியத்திலும் ஒன்றல்ல. சிலவற்றில் ஒரே விலைதான், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணம் கழிப்பார்கள். இதைத் தவிர முகாமைக் கட்டணமும் ட்ரஸ்டி கட்டணமும் உண்டு. அவை யூனிட் விலைக்குள்ளேயே கழிக்கப்பட்டுவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் நிதியத்தின் விளக்க ஆவணத்தில் இருக்கும். எந்தப் பக்கத்தில் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினால் நல்லது.

ஸ்கிரிப்ட்

இனி எழுத வேண்டியது கொஞ்சம்தான். கீழே இருப்பது நான் பதிவு செய்யும் வடிவம். ஆறுதலாக வாசித்தால் இரண்டரை நிமிடத்துக்குள் முடியும். உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றுங்கள். நான் "பிறகு" என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் வாயில் "மறுகா" என்றுதான் வரும். அதை நான் வெட்டுவதில்லை.

> வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். சம்பளம் வந்து பத்து நாள் கழித்துக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்திருக்கிறீர்களா? இன்றைக்கு அதில் ஒரு 5,000 ரூபாவைப் பற்றி மட்டும் பேசுவோம்.
>
> யூனிட் ட்ரஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. இந்தியாக்காரர் மியூச்சுவல் ஃபண்ட் என்று சொல்வது இதைத்தான். பலருடைய பணத்தைச் சேர்த்து ஒரு நிறுவனம் முதலீடு செய்யும். உங்கள் பங்குக்கு உங்களுக்கு யூனிட் கிடைக்கும். யூனிட்டின் விலை ஏறும், இறங்கும்.
>
> ஒரு கணக்குப் பார்ப்போம். விலைகள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. மாதம் 5,000 போடுகிறீர்கள். முதல் மாதம் விலை 20, கிடைப்பது 250 யூனிட். அடுத்த மாதம் 16, கிடைப்பது முந்நூற்றுப் பன்னிரண்டரை. பிறகு விலை இன்னும் விழுந்து பன்னிரண்டரை ரூபா, இப்போது 400 யூனிட். நாலாம் மாதம் திரும்ப 16. மொத்தம் 1,275 யூனிட், நீங்கள் போட்டது 20,000, இப்போதைய பெறுமதி 20,400.
>
> விலை முதல் நாளைவிடக் குறைவு, ஆனாலும் உங்களுக்கு நட்டமில்லை. ஏனென்றால் மலிவான மாதத்தில் கூட வாங்கினீர்கள்.
>
> இப்போது மற்றப் பக்கம். நாலாம் மாதமும் விலை பன்னிரண்டரையிலேயே நின்றிருந்தால் உங்கள் கையில் 17,000 தான். இது நடக்கக்கூடியது. இன்னும் ஒன்று. எடுக்கும்போது அந்த 16 ரூபா கிடைக்காமல் 2 வீதம் குறைந்தால், அந்த 20,400 உங்கள் கைக்கு வரும்போது 19,992.
>
> அதனால், அடுத்த வருடம் கலியாணத்துக்கு வைத்த பணத்தைப் பங்கு நிதியத்தில் போடாதீர்கள். அடகில் நகை இருந்தால் முதலில் அதை மீட்டெடுங்கள். இரண்டு மூன்று மாதச் செலவுக்குச் சேமிப்புக் கணக்கில் பணம் இருக்கட்டும். அதற்கு மேல் மிஞ்சும் 5,000ஐப் பற்றித்தான் நான் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று அடுத்த வீடியோவில்.

இதில் எந்த நிதியத்தின் பெயரும் இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றே விட்டது. "இதை வாங்குங்கள்" என்று பெயர் சொன்ன உடனே நீங்கள் விளக்குபவர் இல்லை, ஆலோசகர் ஆகிவிடுகிறீர்கள். அது அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய தொழில்.

சீட்டோடு ஒப்பிட்டுச் சொன்னால் இலகுவாக விளங்குமே என்று சிலர் கேட்கிறார்கள். மாதாமாதம் கட்டுவது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. சாதாரணச் சீட்டில் எவ்வளவு கைக்கு வரும் என்று முன்கூட்டியே தெரியும். அந்த எண்ணத்தோடு இங்கே வந்தவர் முதல் இறக்கத்திலேயே ஏமாற்றிவிட்டார்கள் என்பார். நான் அந்த ஒப்பீட்டை விட்டுவிட்டேன்.

வீடியோ போட்ட பிறகு வரும் கேள்விகள்

"இது வட்டிதானே?" என்று காத்தான்குடியிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. திறைசேரி உண்டியலிலும் நிலையான வைப்பிலும் போடும் நிதியங்கள் வட்டியில்தான் ஓடுகின்றன. ஷரியா முறைப்படி நடத்தப்படும் நிதியங்களும் இலங்கையில் உண்டு. அப்படிப்பட்ட ஒன்று என்ன வாங்குகிறது, யார் மேற்பார்க்கிறார்கள் என்பதை அதன் ஆவணத்திலேயே பார்க்கும்படி சொல்லுங்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது நம் வேலையில்லை.

"வங்கியில் போட்ட மாதிரிப் பாதுகாப்பா?" இல்லை. வங்கி வைப்புக்கு இருக்கும் வைப்புக் காப்புறுதி இதற்குக் கிடையாது. ட்ரஸ்டி வங்கி சொத்துகளைப் பிடித்து வைத்திருப்பதால் முகாமை நிறுவனம் தன் கடனுக்கு உங்கள் பணத்தை எடுக்க முடியாது, அவ்வளவுதான். சந்தை விழுந்தால் யூனிட்டின் விலையும் விழும்.

எவ்வளவு விழும் என்று கேட்டால் 2022ஐச் சொல்லுங்கள். அந்த வருடம் ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000க்கு மேல் இருந்தது. வருட நடுப்பகுதியில் 8,000க்குக் கீழே. ஏப்ரல் 18 தொடங்கி ஒரு வாரம் சந்தையையே மூடி வைத்தார்கள். 2024 முடியும்போது அதே சுட்டெண் 15,000ஐத் தாண்டியிருந்தது. இடையில் ஸ்டாண்டிங் ஓடரை நிறுத்தியவர் மலிவான யூனிட்டுகளைத் தவறவிட்டார் என்று சொல்வது சுலபம். ஆனால் அரிசியும் பெற்றோலும் விற்ற விலைக்கு, அந்த வருடம் நிறுத்தியவரை மடையன் என்று நான் சொல்ல மாட்டேன். சேமிப்புக் கணக்கில் இரண்டு மூன்று மாதச் செலவு இருக்கட்டும் என்று ஸ்கிரிப்டில் வைத்ததே அதற்காகத்தான்.

எதில் போடுவது என்பதற்கு நீளப் பதில் வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் என்றால், குறுகிய காலத் திறைசேரி உண்டியலிலும் வைப்பிலும் போடும் பணச் சந்தை நிதியம். அதில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, வட்டி வீதத்தோடு சேர்ந்து போகும். ஐந்து வருடத்துக்கு மேல் தொடாமல் வைக்கலாம் என்றால் பங்கு நிதியத்தை யோசிக்கலாம். இரண்டும் கலந்த சமநிலை நிதியங்களும் உண்டு.

இன்னொரு வகைக் கருத்தும் கீழே வரும்: "எங்கட கம்பெனியில மாதம் 10 வீதம் நிச்சயம், இன்பொக்ஸ் பண்ணுங்க." உடனே அழியுங்கள். யூனிட் ட்ரஸ்ட் நடத்தும் எவரும் மாத லாபத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற பேச்சு வந்தால் அது பிரமிட் மோசடி. இலங்கையில் சட்டப்படி தடை. அனுமதி பெற்ற முகாமை நிறுவனங்களின் பட்டியல் ஆணைக்குழுவின் தளமான `sec.gov.lk` இல் இருக்கிறது. வீடியோவுக்குக் கீழே அந்த முகவரி ஒன்று போதும்.

தொடங்கும் வழி

அடுத்த வீடியோவில் என்று வாக்குக் கொடுத்தோம் அல்லவா, அதற்கான விஷயம் இது. பட்டியலில் இருந்து ஒரு நிறுவனத்தைத் தெரிந்து, அதன் தளத்திலோ செயலியிலோ கணக்குத் திறக்க விண்ணப்பிக்க வேண்டும். கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. தேசிய அடையாள அட்டை, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் விபரம், முகவரிக்கு ஒரு சான்று ஆகியவை கேட்பார்கள். முதல் தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 1,000 ரூபாவோடு தொடங்கக்கூடியவையும் உண்டு.

கணக்குத் திறந்ததும் உங்களுக்கு ஒரு கணக்கு இலக்கம் வரும். பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கையும் தருவார்கள். அந்தக் கணக்கு நிதியத்தின் பெயரிலோ, அந்த நிதியத்துக்கான ட்ரஸ்டியின் பெயரிலோ இருக்க வேண்டும். ஒரு ஆளின் சொந்தக் கணக்கு இலக்கத்தைத் தந்து "இதுக்குப் போடுங்க, நான் மாற்றிவிடுறன்" என்றால், தந்தவர் சொந்த மச்சானாக இருந்தாலும் போடாதீர்கள்.

பிறகு சம்பளம் விழும் வங்கிக்குப் போய் ஸ்டாண்டிங் ஓடர் படிவம் நிரப்ப வேண்டும். இணைய வங்கி இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். திகதியைச் சம்பள நாளிலேயே வைக்காதீர்கள். சம்பளம் ஒரு நாள் பிந்தினால் கணக்கில் பணமில்லாமல் ஓடர் திரும்பும், சில வங்கிகள் அதற்கும் கட்டணம் வெட்டும். மூன்று நாலு நாள் தள்ளி வைத்தால் நிம்மதி.

படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உங்கள் யூனிட் ட்ரஸ்ட் கணக்கு இலக்கம் போக வேண்டும். நான் முதல் முறை அதில் "சேமிப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவரும் கேட்கவில்லை. பணம் ஒழுங்காகப் போனது, என் கணக்கிலிருந்து 5,000 குறைந்தது, ஆனால் யூனிட் வரவில்லை. யாருடைய பணம் என்று அவர்களுக்குத் தெரியாததால் அது சும்மா கிடந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்துத்தான் நான் பார்த்தேன். வங்கியின் பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, நாலைந்து முறை தொலைபேசியில் கதைத்து, கடைசியில் யூனிட் எழுதினார்கள், அன்றைய விலைக்கு. பிழை என்னுடையது என்பதால் சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

அதனால் முதல் மாதப் பணம் போய் ஒரு வாரத்துக்குள் கணக்குக் கூற்றைத் திறந்து மூன்று எண்ணைப் பாருங்கள்: போன தொகை, அன்றைய விலை, கிடைத்த யூனிட். தொகையை விலையால் வகுத்தால் யூனிட் வர வேண்டும். விலை நீங்கள் முதல் நாள் தளத்தில் பார்த்ததோடு பொருந்தாவிட்டால் பதறாதீர்கள். தளத்தில் இருந்தது முந்திய நாள் விலை. உங்களுக்குக் கிடைப்பது பணம் போய்ச் சேர்ந்த நாளின் விலை. நான் இந்த மூன்று எண்ணையும் ஃபோனில் படம் பிடித்து வைத்து, அடுத்த வீடியோவில் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிட்டு அப்படியே காட்டினேன்.